மழை மேல் பழியைப் போடாமல் தேதி கேட்பது எப்படி?

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். நான் ஆத்தங்குடிப் பக்கத்தில் அப்பா விட்டுச்சென்ற டைல்ஸ் பட்டறையை நடத்துகிறேன். பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை விருந்தினர் விடுதியாக மாற்றுகிற சென்னைக்காரர் ஒருவர் ஆகஸ்டில் 4,500 கல்லுக்கு ஆர்டர் கொடுத்தார். 8 அங்குலக் கல், 2,000 சதுர அடி, மொத்தம் ரூ.1,80,000. முன்பணம் ரூ.72,000 வாங்கிவிட்டேன். நவம்பர் 30க்குள் தர வேண்டும், தாமதமானால் வாரத்துக்கு மொத்தத் தொகையில் 2 சதவீதம் பிடித்தம், காலக்கெடு மிக முக்கியமானது என்றெல்லாம் பத்திரத்தில் இருக்கிறது. பொங்கலுக்கு விடுதியைத் திறக்கப்போவதாக அன்றே சொன்னார். இன்று நவம்பர் 15. முகப்புக்கும் வளவுத் தாழ்வாரத்துக்குமான 2,400 கல்தான் தயார். செப்டம்பரில் இன்னொரு அவசர ஆர்டரை ஒப்புக்கொண்டு ஆட்களை அங்கே திருப்பிவிட்டது என் தவறு. இப்போது மழையும் பிடித்துக்கொண்டது. 'மழையால் தாமதம், பத்து நாள் பொறுங்கள்' என்று எழுதலாமா? தவறை ஒப்புக்கொண்டு எழுதினால் அதையே ஆதாரமாக வைத்து வழக்குப் போடுவார் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வேலையைப் பார்க்கும் இன்ஜினீயர் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று போனில் சொல்லிவிட்டார். அது போதாதா?

ஆலோசனை:

அன்புள்ள வாசகருக்கு,

இன்னும் பதினைந்து நாட்கள் இருக்கும்போதே கேட்டுவிட்டீர்கள். கெடு முடிவதற்கு முன் கேட்கும் அவகாசத்தைக் கோரிக்கையாகப் படிப்பார்கள்; முடிந்த பிறகு கேட்பதைச் சாக்காகப் படிப்பார்கள். ஆகவே இந்த வாரத்துக்குள் கடிதம் போய்விட வேண்டும். ஆனால் நீங்கள் எழுத நினைக்கும் அந்த இரண்டு வரியில், மழை என்ற காரணமும் பத்து நாள் என்ற கணக்கும் இரண்டுமே உங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடியவை.

மழையை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும் என்பது ஆகஸ்டில் கையெழுத்திட்டபோது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எதிர்பார்க்க முடியாத நிகழ்வால் ஒப்பந்தத்தை நிறைவேற்றவே இயலாமல் போனால் அதற்கு இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 56ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஆண்டுதோறும் வரும் வடகிழக்குப் பருவமழை அந்த வகையில் சேராது. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அவசர ஆர்டருக்கு ஆட்கள் போனது உங்கள் பட்டறையில் வேலை செய்கிற அனைவருக்கும் தெரியும். அந்த இன்னொரு கல் எந்த வீட்டில் பதிக்கப்பட்டதோ அந்த வீடும் இதே வட்டாரத்தில்தான் இருக்கும். மழை என்று எழுதிய பிறகு இந்த விவரம் அவர் காதுக்கு எட்டினால், நீங்கள் சொல்லும் புதிய தேதியையும் அவர் நம்பமாட்டார்.

முதலில் தேதி, பிறகு கடிதம்

பத்து நாள் என்பது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அவர் கோபப்படாத அளவுக்கு எவ்வளவு கேட்கலாம் என்ற அச்சத்திலிருந்து வந்த எண் அது, பட்டறையிலிருந்து வந்ததன்று. உங்களுடைய தொழிலில் வேகத்தைத் தீர்மானிப்பது ஆட்களின் எண்ணிக்கையும் அன்று, கண்ணாடிகளின் எண்ணிக்கை. வார்த்த கல் கண்ணாடியை விட்டுத் தானாகக் கழன்று வரும் வரையில் அந்தக் கண்ணாடியில் அடுத்த கல்லை வார்க்க முடியாது. இதே தொழிலில் உள்ள இன்னொரு கட்சிக்காரருக்காக ஒருமுறை நான் பட்டறையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் இது எனக்கு உறைத்தது. அவர் மேலும் மூன்று பேரைக் கூலிக்கு அமர்த்தியும் ஒரு கல்கூட அதிகம் வரவில்லை.

உங்களிடம் எத்தனை கண்ணாடிகள் உள்ளன என்று நீங்கள் எழுதவில்லை. 150 என்று வைத்துக் கணக்கிட்டுக் காட்டுகிறேன், உங்கள் எண்ணை அதில் பொருத்திக்கொள்ளுங்கள். வெயில் நாளில் மறுநாளே கல் கழலும் என்றால் நாளைக்கு 150 கல். ஈரக்காற்றில் அதற்கு இரண்டு நாள் ஆகும் என்றால் நாளைக்கு 75 கல். கார்த்திகையில் 100 என்று எடுப்பது நியாயம். மீதி 2,100 கல்; உடைவதற்கும் நிறம் சேராமல் கழிப்பதற்கும் 100 கூட்டினால் 2,200. ஆக 22 வேலைநாட்கள். நவம்பர் 17 அன்று தொடங்கி ஞாயிறுகளைக் கழித்தால் கடைசிக் கல்லை வார்ப்பது டிசம்பர் 11. அது 13 அன்று கண்ணாடியை விடும். ஏழு நாள் தண்ணீர்த் தொட்டி, டிசம்பர் 20. நிழலில் மூன்று நாள் உலர்த்தல், 23. நிறம் பிரித்து, வைக்கோல் வைத்து அடுக்கி வண்டியில் ஏற்ற இன்னும் ஒரு நாள், 24. இதன்மேல், தொடர்மழை வந்தாலும் தாங்கும்படி ஐந்து நாள் சேர்த்தால் டிசம்பர் 29.

பத்து நாளுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். டிசம்பர் 10 என்று எழுதியிருந்தால், அன்று அவர் பதிப்பு வேலைக்கு ஆட்களை வரவழைத்துவிட்டு நிற்கும்போது உங்கள் கடைசிக் கல் இன்னும் வார்க்கப்பட்டே இருக்காது. இரண்டாவது முறை அவகாசம் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டால், முதல் தாமதத்தை மன்னித்தவர்கூட மீதிக் கல்லை வேறொருவரிடம் வாங்கத் தொடங்கிவிடுவார்.

அந்தக் கணக்கில் தொட்டி நாட்களைக் குறைத்துத் தேதியை முன்னுக்குக் கொண்டுவரலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வரும், எல்லோருக்கும் வருகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஊறாத கல் வலுவேறாது. பதித்த பிறகு விளிம்பு பொடியும். காரைக்குடியில் எங்கள் உறவினர் வீட்டு வளவில், அவசரத்தில் வாங்கிப் பதித்த தரையில் வெள்ளையாக உப்புப் பூத்து, கூட்டக் கூட்டத் திரும்ப வந்துகொண்டே இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இப்போது உங்கள் மீது இருப்பது தாமதம் என்ற ஒரு குறைதான். அதற்குப் பத்திரத்தில் ஒரு விலை எழுதியிருக்கிறது. தரக்குறைவு என்று வந்துவிட்டால் கல்லின் விலை மட்டுமன்றிப் பெயர்த்துத் திரும்பப் பதிக்கும் செலவும் உங்கள் தலையில் விழும்.

இதே கணக்கு இன்னொரு நன்மையையும் தருகிறது. டிசம்பர் 29 வரை அவரைக் கையைக் கட்டி உட்காரவைக்க வேண்டியதில்லை. தயாராக உள்ள 2,400 கல்லை நவம்பர் 20 அன்றே இறக்கிவிடலாம். முகப்பிலும் வளவுத் தாழ்வாரத்திலும் பதிப்பு தொடங்கிவிடும். நவம்பர் 27 வரை வார்க்கும் 1,000 கல் டிசம்பர் 9 வாக்கில் உலர்ந்துவிடும் என்பதால் டிசம்பர் 12 அன்று இரண்டாம் தவணை. மீதி 1,100 டிசம்பர் 29. பகுதி பகுதியாக அனுப்பும்போது ஒரு செய்தியை மறவாதீர்கள்: ஒரே அறைக்கான கல் முழுவதும் ஒரே கலவையிலிருந்து வர வேண்டும். எண்ணிக்கையைக் காட்டுவதற்காகக் கையில் இருப்பதை அள்ளி அனுப்பினால், பாதி அறை ஒரு சிவப்பும் மீதி அறை வேறு சிவப்புமாக நிற்கும்.

ஒப்புக்கொள்வது எது வரை

உங்கள் நண்பர்களின் அச்சத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. நீங்கள் எழுதும் கடிதம் நீதிமன்றத்தில் சான்றாக வரலாம். ஆனால் அது எதை நிரூபிக்கும்? நவம்பர் 30 அன்று 2,100 கல் வரவில்லை என்பதை. அதை அவருடைய சரக்கு ஏடே நிரூபித்துவிடும். உங்கள் ஒப்புதல் தேவையில்லை. மாறாக, கெடுவுக்கு முன்பே தெரிவித்தீர்கள், பாதிக்கு மேல் உரிய காலத்தில் கொடுத்தீர்கள், அவருடைய இழப்பைக் குறைக்கத் திட்டம் தந்தீர்கள் என்பவற்றுக்கு இந்தக் கடிதத்தைத் தவிர உங்களிடம் வேறு சான்று இருக்காது. 'உரிமைகளுக்குப் பங்கமின்றி' என்று தலைப்பில் போட்டுக்கொள்ளும்படி யாராவது சொல்லலாம். சமரசப் பேச்சுக்கான அந்தத் தலைப்பு இங்கே வேண்டாம். நாளை நாமே காட்ட வேண்டிய கடிதம் இது.

எல்லை எங்கே என்றால், தாமதத்தின் காரணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். 'உங்களுக்கு ஏற்படும் எல்லா நட்டத்துக்கும் நானே பொறுப்பு' என்று மட்டும் எழுதாதீர்கள். முதலாவது நேர்மை. இரண்டாவது, அளவு தெரியாத கடனுக்கு நீங்களே போடும் கையெழுத்து. இந்த எச்சரிக்கையை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த இழப்புக்கு 73ஆம் பிரிவின்படி ஈடு கேட்கலாம். பொங்கல் திறப்பு விழாவை அவர் அன்றே சொல்லிவிட்டார். ஆகவே தேதி பொங்கலைத் தாண்டுமானால் அறை வாடகை இழப்பு என்று ஒரு பேச்சு எழ இடமுண்டு. டிசம்பர் 29 என்ற தேதி அதைத் தாண்டவில்லை. கடைசி மூன்று அறைகளைப் பதித்து முடிக்க அவருக்கு இரண்டு வாரம் கிடைக்கிறது. கடிதத்தில் இந்த ஒரு வரி இருந்தே ஆக வேண்டும்.

பிடித்தத் தொகை பற்றியும் உங்களுக்கு ஒரு தெளிவு வேண்டும். பத்திரத்தில் எழுதியபடி வாரத்துக்கு ரூ.3,600, நான்கு முழு வாரத்துக்கு ரூ.14,400. 74ஆம் பிரிவின்படி இது உச்ச வரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான ஈடுதான் கிடைக்கும். இழப்பே இல்லாத இடத்தில் இந்தப் பிரிவின்கீழ் ஈடு கேட்க முடியாது என்று 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் இழப்பைக் கணக்கிடுவது கடினம் என்ற நிலையில், முன்கூட்டி நியாயமாக மதிப்பிட்டு எழுதிய தொகையாக இருந்தால் அதையே வழங்கவும் இடமிருக்கிறது. எனவே 'இழப்பை நிரூபியுங்கள் பார்க்கலாம்' என்று மல்லுக்கு நிற்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தாமதமாவது ரூ.84,000 மதிப்புள்ள கல் மட்டுமே. அதில் வாரத்துக்கு 2 சதவீதம் ரூ.1,680, நான்கு வாரத்துக்கு ரூ.6,720. அதை அவர் கேட்குமுன் நீங்களே கொடுக்க முன்வாருங்கள். இந்தத் தாமதம் குறித்த முழுத் தீர்வாக என்ற சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினீயரின் 'பார்த்துக்கொள்ளலாம்'

அது போதாது. அவகாசம் தருவதற்கு உரிமை உடையவர் ஒப்பந்தத்தில் உங்களுக்கு எதிர்த்தரப்பாகக் கையெழுத்திட்டவர். 63ஆம் பிரிவின்படி அவர் அவகாசத்தை நீட்டிக்கலாம், அதற்கு அவருக்குத் தனியாக எதுவும் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் அது அவருடைய சம்மதத்தால் நடக்க வேண்டும். நீங்கள் கடிதம் அனுப்பினீர்கள், அவர் பதில் போடவில்லை என்றால் அவகாசம் கிடைத்துவிட்டதாக ஆகாது.

முதலில் அவரிடம் நேராகத் தொலைபேசியில் பேசிவிடுங்கள். இப்படிப்பட்ட செய்தியை ஒருவர் முதன்முதலாகத் தாளில் படிப்பது நன்றாக இராது. அன்றே கடிதத்தைக் கையெழுத்திட்டு வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, மூலத்தை ஒப்புகை அட்டையுடன் அஞ்சலில் சேருங்கள். இன்ஜினீயருக்கு ஒரு நகல் போதும். கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

> மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.
>
> நம் ஒப்பந்தப்படி நவம்பர் 30க்குள் தர வேண்டிய 4,500 கல்லில் 2,400 தயாராக உள்ளது. மீதி 2,100 கல்லை அந்தத் தேதிக்குள் என்னால் தர இயலாது. செப்டம்பரில் வேறொரு வேலையை ஏற்றுக்கொண்டு, தங்கள் வேலைக்கு ஒதுக்கிய ஆட்களை அங்கே அனுப்பியதே இதற்குக் காரணம். அந்த முடிவு என்னுடையது, அதற்காக வருந்துகிறேன். அந்த வேலை முடிந்துவிட்டது. இனி தங்கள் கல் முடியும் வரை பட்டறையில் வேறு கல் வார்க்கப்படாது.
>
> முகப்புக்கும் வளவுத் தாழ்வாரத்துக்குமான 2,400 கல்லை நவம்பர் 20 அன்று இறக்குகிறேன். இரண்டு அறைகளுக்கான 1,000 கல் டிசம்பர் 12 அன்றும், மீதி மூன்று அறைகளுக்கான 1,100 கல் டிசம்பர் 29 அன்றும் வந்து சேரும். மழை நாட்களையும் ஏழு நாள் தண்ணீரில் ஊற வேண்டியதையும் கணக்கில் கொண்டே இந்தத் தேதிகளைக் குறித்திருக்கிறேன். பொங்கலுக்கு முன் பதிப்பு முடிய இதனால் இரண்டு வாரம் கிடைக்கும்.
>
> தாமதமாகும் கல்லின் மதிப்பில் வாரத்துக்கு 2 சதவீதம், நான்கு வாரத்துக்கு ரூ.6,720-ஐ, இந்தத் தாமதம் குறித்த முழுத் தீர்வாக, இறுதிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.
>
> மீதி 2,100 கல்லுக்கான கெடுவை டிசம்பர் 29 வரை நீட்டிக்கத் தாங்கள் சம்மதிப்பதை நவம்பர் 19க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். அறைகளில் எவை முதலில் வேண்டும் என்பதையும் சொன்னால் அவற்றையே முதலில் வார்க்கிறேன்.

இதில் மழை ஓர் இடத்தில் வருகிறது. காரணமாக வரவில்லை, தேதியைக் கணக்கிட்ட முறையாக வருகிறது. 'முயல்கிறேன்', 'கூடியவரை', 'கடவுள் சித்தம் இருந்தால்' என்ற சொற்களில் எதையும் சேர்த்துவிடாதீர்கள். அவை நுழைந்தால் தேதி தேதியாக இராது. குடும்பச் சூழ்நிலை, கடன் தொல்லை போன்றவையும் வேண்டாம். அவை உண்மையாகவே இருந்தாலும், படிப்பவர் உங்களுக்காக இரங்க வேண்டும் என்ற சுமையை அவர் மீது ஏற்றும். 'வேறு கல் வார்க்கப்படாது' என்ற வரியை உங்களால் காப்பாற்ற முடியாது என்றால் அதை எடுத்துவிடுங்கள்.

பதில் எப்படி வந்தாலும்

அவர் சம்மதித்து, 'ஆனால் ஒப்பந்தப்படி எங்களுக்குள்ள உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை' என்று ஒரு வரி சேர்க்கலாம். மிரண்டுவிடாதீர்கள். கெடு தவறிய சரக்கை ஏற்றுக்கொள்ளும்போதே ஈடு கேட்கும் எண்ணத்தைத் தெரிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது என்று 55ஆம் பிரிவு சொல்வதால், அவருடைய வழக்கறிஞர் அந்த வரியை எழுதச் சொல்லியிருப்பார். உங்கள் ரூ.6,720 முன்மொழிவை ஏற்கிறாரா என்று மட்டும் தெளிவாகக் கேட்டு வாங்குங்கள்.

மீதி வேண்டாம் என்று அவர் மறுத்தால் என்ன ஆகும்? காலக்கெடு மிக முக்கியம் என்ற சொற்களை வைத்து ஒப்பந்தத்தை முறிக்க அவர் முயலலாம். அந்தச் சொற்களுடன் தாமதத்துக்கு வாராந்தரப் பிடித்தமும் எழுதியிருந்தால், தாமதத்தை இரு தரப்புமே எதிர்பார்த்திருந்தார்கள் என்று வாதிட இடமுண்டு; கட்டுமான ஒப்பந்தம் ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1979இல் அப்படிப் பார்த்திருக்கிறது. ஆனால் உங்கள் பத்திரத்தை முழுதும் படிக்காமல் அந்த வாதம் நிற்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அதைவிட எளிய கணக்கு ஒன்றை நினைவில் வையுங்கள். நீங்கள் முதலில் இறக்கும் 2,400 கல்லின் மதிப்பு ரூ.96,000, வாங்கிய முன்பணம் ரூ.72,000. அவர் அத்துடன் நிறுத்திக்கொண்டாலும் ஏற்றுக்கொண்ட கல்லுக்கு ரூ.24,000 அவர்தான் தர வேண்டியிருக்கும். அதில் நியாயமான ஈட்டைக் கழித்துக் கணக்கைத் தீர்க்கலாம். நவம்பர் 20 அன்று இறக்கும்போது எண்ணிக்கை எழுதிய சரக்குச் சீட்டில் அங்குள்ளவரின் கையெழுத்தை வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள்.

சம்மதம் வந்துவிட்டால், டிசம்பர் 1 அன்று காலையில் வார்த்த கல்லை நீங்களே எண்ணிப் பாருங்கள். அன்றைக்கு 1,200 இருக்க வேண்டும். 1,050 இருந்தால் சேர்த்துவைத்த ஐந்து நாள் அதைத் தாங்கும். 700 என்றால் அன்று மாலையே அவரை அழைத்துப் பேசுங்கள். இரண்டாம் தவணைக் கல்லை இறக்கும் டிசம்பர் 12 வரை அதைத் தள்ளிப்போடாதீர்கள்.